காலை 4:02-க்கு வந்த தலைப்பு

பங்குச்சந்தைச் செய்தியின் தலைப்பைப் படித்த உடனே அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரிந்துவிடுகிறது. 'உச்சம்', 'லாபம்', 'வளர்ச்சி' என்றால் ஒரு தொனி. 'சரிவு', 'நஷ்டம்', 'வீழ்ச்சி' என்றால் வேறு தொனி. இந்தத் தொனியை ஓர் எண்ணாக மாற்றி, மறுநாள் நிஃப்டி என்ற பங்குக் குறியீடு போன திசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதாவது தெரியுமா? இந்தக் கேள்வியை 2022 ஜனவரியில் கையில் எடுத்தேன். இன்னும் விடவில்லை.

நான் மும்பையில் செம்பூர்க்காரி. வேலை ஃபோர்ட் பக்கம், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். தலைப்புகளைச் சேர்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். தமிழ்ச் செய்தித் தளங்களின் வணிகப் பகுதியில் மணிக்கொரு தடவை எட்டிப் பார்த்து, புதிய தலைப்பையும் அது வெளியான நேரத்தையும் எடுத்து வைக்கும். ஆங்கிலத்தில் இதற்கென்றே பட்டியல்கள் இருக்கும்போது தமிழ் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் கட்டடத்தில் பங்கு வாங்கும் ஏழெட்டுப் பேரும் காலையில் படிப்பது தமிழ்த் தலைப்பைத்தான். அவர்களுடைய கைப்பேசியில் எது வருகிறதோ அதையே சோதிக்க விரும்பினேன்.

முறை எளிது. நல்ல சொற்களுக்கு ஒரு பட்டியல், கெட்ட சொற்களுக்கு ஒரு பட்டியல். தலைப்பில் நல்ல சொல் எத்தனை, கெட்ட சொல் எத்தனை என்று எண்ணி, வித்தியாசத்தை மொத்தத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் நல்லது என்றால் +1, எல்லாம் கெட்டது என்றால் −1, எதுவும் இல்லையென்றால் 0. ஒரு நாளின் தலைப்புகளுக்கெல்லாம் சராசரி எடுத்தால் அந்த நாளின் தொனி. ஒரே ஏஜென்சிச் செய்தியை நாலு தளங்கள் போட்டிருந்தால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு செய்தியே நாளை முழுங்கிவிடும்.

பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் தமிழின் குணம் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நாலைந்து வடிவம் இருந்தால் அதிகம். நம்மிடம் சரிவு, சரிவை, சரிவில், சரிவுடன், சரிந்தது, சரிந்தன, சரிந்ததால் என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எழுதி முடியாது. அதனால் சொல்லின் தலைப்பகுதியை மட்டும் எழுதிவைத்து, அதில் தொடங்கும் எதையும் பிடி என்று நிரலுக்குச் சொன்னேன். 'ஏற்ற' என்று கொடுத்தால் ஏற்றம், ஏற்றத்துடன், ஏற்றத்தில் எல்லாம் மாட்டும். 'இறக்க' என்றால் இறக்கம், இறக்கத்தில். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு வாரம் கழித்து மதிப்பெண்களைக் கண்ணால் பார்த்தேன். ஏற்றுமதி பற்றிய தலைப்பெல்லாம் நல்ல செய்தி, இறக்குமதி பற்றியதெல்லாம் கெட்ட செய்தி என்று விழுந்திருந்தது. காரணம் இது:

```python
>>> "ஏற்றுமதி".startswith("ஏற்ற")
True
>>> list("ஏற்று")
['ஏ', 'ற', '்', 'ற', 'ு']
```

நம் கண்ணுக்கு 'று' ஓர் எழுத்து. கணினிக்கு அது 'ற' என்ற குறியும் அதற்குப் பின்னால் உகரக் குறியும். ஆகவே 'ஏற்ற' என்ற நான்கு குறிகளும் 'ஏற்றுமதி'யின் தொடக்கத்தில் அப்படியே இருக்கின்றன. 'இறக்க' என்பதற்கும் 'இறக்குமதி'க்கும் இதே கதை. 'சரி' என்று குட்டையாக வைத்தால் 'சரியான முதலீடு எது?' என்ற தலைப்பு கெட்ட செய்தியாகும். 'உயர்' என்று வைத்தால் உயர் நீதிமன்றம் வரும் ஒவ்வொரு வழக்குச் செய்தியும் நல்ல செய்தியாகும். 'ஏற்றத்' என்று நீட்டினால் 'ஏற்றத்தாழ்வு' வந்து மாட்டும். கடைசியில் ஒவ்வொரு தலைப்பகுதியையும் நிரலில் ஓடவிட்டு, அது பிடித்த வெவ்வேறு சொற்களையெல்லாம் அச்சிட்டு, பேனாவால் அடித்துத்தான் பட்டியலை ஒழுங்கு செய்தேன். இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தமிழில் சொல் எண்ணும் எவரும் இந்தச் சலிப்பான வேலையைச் செய்தே ஆகவேண்டும்.

சொல் சரியாக மாட்டினாலும் பொருள் மாறலாம். இதை ஆங்கிலத்தில் நிறுவியவர்கள் டிம் லாஃப்ரன், பில் மெக்டொனால்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள். அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொண்டு 2011-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, பொதுப் பயன்பாட்டுக்கான ஹார்வர்டு பட்டியல் கெட்டவை என்று குறித்த சொற்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி நிதி உலகில் கெட்டவையே அல்ல என்று காட்டியது. வரி, செலவு, கடன் பொறுப்பு எல்லாம் கணக்கு எழுதுபவர்களுக்கு அன்றாடச் சொற்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு அதைப் படித்தபோது உடனே புரிந்தது.

தமிழில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்த சொல் 'குறை'. லாபம் குறைந்தது என்றால் கெட்டது. நஷ்டம் குறைந்தது என்றால் நல்லது, ஆனால் என் பட்டியல் அதற்கு இரண்டு கெட்ட சொல் என்று போட்டது. வட்டி குறைப்பு இன்னும் நல்லது. 2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை, ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 0.50 சதவீதம் குறைத்து 5.50 ஆக்கியது. அன்று நிஃப்டி 252 புள்ளி ஏறி 25,003-இல் முடிந்தது. என் பழைய பட்டியலிடம் கேட்டிருந்தால் 'வட்டி குறைப்பு' என்ற தலைப்புக்கு −1 போட்டிருக்கும். இப்படி ஆகக்கூடாது என்றுதான் 2023-க்குள்ளேயே நஷ்டம், வட்டி, பணவீக்கம், கடன் ஆகிய சொற்களுக்குப் பின்னால் 'குறை' வந்தால் நல்லது என்று இரட்டைச் சொல் விதிகள் சேர்த்திருந்தேன். 'உயர்வு' என்பதற்கும் அப்படியே: பங்கு விலை உயர்வு ஒன்று, பெட்ரோல் விலை உயர்வு வேறொன்று.

பட்டியலை 2022, 2023 தலைப்புகளை வைத்துத் திருத்தினேன். 2023 டிசம்பர் முடிந்ததும் பூட்டிவிட்டேன், அதன்பின் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை, எடுப்பதில்லை. சோதனை 2024 தலைப்புகளில். முடிவைப் பார்த்துவிட்டுச் சொல்லைச் சேர்த்தால் அது நேற்றைய கேள்வித்தாளை வைத்துத் தேர்வு எழுதுவது போல ஆகிவிடும்.

சந்தை காலை 9:15-க்குத் திறந்து பிற்பகல் 3:30-க்கு மூடுகிறது. அதற்கு முன் 9:00 மணிக்குத் தொடக்க ஏலம். ஆகவே ஒரு நாள் 3:30 முதல் மறுநாள் 9:00 வரை வந்த தலைப்புகளின் சராசரித் தொனியை எடுத்து, மறுநாள் நிஃப்டி முந்தைய முடிவை விட மேலே முடிந்ததா கீழே முடிந்ததா என்று பார்ப்பது என் திட்டம்.

முதல் ஓட்டத்தில் நூறு நாளில் அறுபதுக்கு மேல் திசை சரியாக வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு நாளையும் கையால் சரிபார்க்க, நாற்பது பக்கம் அச்சிட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

சித்தப்பா தலால் தெருவில் ஒரு தரகரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். 1995-இல் கம்ப்யூட்டர் வர்த்தகம் வரும்வரை பிஎஸ்இ ரிங்கில் நின்று கையைத் தூக்கிக் கத்தி வியாபாரம் பார்த்தவர். காபியை வைத்துவிட்டு என் தாளைப் புரட்டினார். சொற்களையும் மதிப்பெண்களையும் விட்டுவிட்டு நேரம் இருந்த பத்தியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஜூன் 4-ஆம் தேதியில் நின்றார்.

“ஏம்மா, இது காலையில நாலு மணியா, சாயந்தரம் நாலு மணியா?”

“காலை 4:02, சித்தப்பா.”

“சென்செக்ஸ் சரிவுடன் தொடக்கம்னு போட்டிருக்கு. நாலு மணிக்கு மார்க்கெட்டே திறக்கலையே. திறக்காத மார்க்கெட் சரிவோட தொடங்கிச்சுன்னு எவன் எழுதுவான்?”

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி நிரலைத் திறந்தேன். தளங்கள் புதிய தலைப்புகளை வெளியிடும் RSS ஓடையில் நேரம் இப்படி இருக்கும்:

```
<pubDate>Tue, 04 Jun 2024 04:02:00 GMT</pubDate>
```

நான் அதைப் படிக்க எழுதியிருந்த வரி:

```python
t = datetime.strptime(s[:25], "%a, %d %b %Y %H:%M:%S")
```

முதல் 25 எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் இருந்த `GMT` என்ற மூன்றெழுத்தை வெட்டியிருந்தேன். கிரீன்விச் நேரத்தை இந்திய நேரம் என்று நினைத்துப் படித்தது நிரல். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம். அந்தத் தலைப்பு வந்தது உண்மையில் காலை 9:32-க்கு, சந்தை திறந்து பதினேழு நிமிடம் ஆனபின்.

இதன் விளைவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மாலை 3:30 முதல் காலை 9:00 வரை என்று நான் நினைத்த சாளரம், உண்மையில் இரவு 9:00 முதல் மறுநாள் பிற்பகல் 2:30 வரை. அதாவது சந்தை மூட ஒரு மணி நேரமே இருக்கும்வரை வந்த தலைப்பெல்லாம் 'திறப்பதற்கு முன் வந்தவை' என்று உள்ளே வந்திருக்கின்றன. 'நிஃப்டி 300 புள்ளிகள் சரிவு' என்று மதியம் ஒரு மணிக்கு எழுதிய தலைப்பை வைத்து, அன்று நிஃப்டி சரியும் என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் சொல்லப்போனால், இவ்வளவு உதவி இருந்தும் நூற்றுக்கு அறுபதுதான் வந்தது என்பதே பட்டியலின் பலவீனத்தைக் காட்டுகிறது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ரிங் அனுபவம் தேவையில்லை, ஒரே ஒரு எண்ணிக்கை போதும். மணிவாரியாக எத்தனை தலைப்பு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். என் கோப்பில் அதிகத் தலைப்புகள் விடிகாலை நாலு மணிக்கும் காலை பத்து மணிக்கும் நடுவில் இருந்தன, இரவு எட்டு மணிக்கு மேல் ஆளரவமே இல்லை. எந்தச் செய்தி அறையும் அப்படி இயங்காது. நேரம் வரும் எந்தத் தரவிலும் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான். திருத்தம் ஒரு வரி:

```python
t = parsedate_to_datetime(s).astimezone(ZoneInfo("Asia/Kolkata"))
```

நேரத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டியபோது எண்ணிக்கை பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அந்தச் 'சற்று' என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. அதை ஒரு வாரத்தை வைத்துச் சொல்கிறேன், 2024 தேர்தல் முடிவு வந்த வாரம்.

மே 31, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530.70-இல் முடிந்தது. ஜூன் 1 சனிக்கிழமை மாலை கருத்துக்கணிப்புகள் வெளியாயின. ஆளுங்கட்சிக்குப் பெரிய வெற்றி என்றன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வணிகத் தலைப்புகள் உற்சாகத்தில் இருந்தன, என் தொனி எண் நன்றாக மேலே. திங்கள் நிஃப்டி 23,263.90-இல் முடிந்தது. முந்தைய முடிவிலிருந்து 3.25 சதவீத ஏற்றம். என் சோதனையில் இது ஒரு வெற்றி. ஆனால் அன்று நிஃப்டி திறந்ததே 23,337.90-இல். அதாவது 807 புள்ளி ஏற்றமும் திறக்கும்போதே வந்துவிட்டது. தலைப்பைப் படித்துவிட்டு, 9 மணி ஏலத்திலேயே ஆர்டர் போட்டுத் திறப்பு விலைக்கு வாங்கியவருக்கும் அந்த நாள் கொடுத்தது 74 புள்ளி இறக்கம். தொனி சொன்னது சரி, ஆனால் அதைப் படித்த எல்லோரும் ஒரே நேரத்தில் படித்திருந்தார்கள்.

திங்கள் மாலைத் தலைப்புகள் அன்றைய ஏற்றத்தைக் கொண்டாடின. என் எண் மறுபடி மேலே. செவ்வாய் வாக்கு எண்ணிக்கை தொடங்கியது, கணிப்பு சொன்னபடி வரவில்லை. நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து 21,884.50. ஒரே நாளில் 5.93 சதவீதம். செவ்வாய் மாலைத் தலைப்புகளில் 'வரலாறு காணாத வீழ்ச்சி', 'முதலீட்டாளர்களுக்கு இழப்பு' என்ற ரகம்தான், எண் அடிமட்டம். புதன்கிழமை நிஃப்டி 22,620.35, அதாவது 3.36 சதவீத ஏற்றம்.

மூன்று மாலைகளிலும் தொனி அன்று நடந்து முடிந்ததைத் துல்லியமாகச் சொன்னது. அடுத்த நாளை இரண்டு முறை தலைகீழாகச் சொன்னது. ஒரு வாரத்தை வைத்து விதி எழுத முடியாது, இது அசாதாரணமான வாரம் வேறு. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று இது காட்டியது. அதன்பின் ஒவ்வொரு நாளையும் இரண்டாக உடைத்தேன். நேற்றைய முடிவிலிருந்து இன்றைய திறப்பு வரை ஒரு பங்கு, திறப்பிலிருந்து முடிவு வரை இன்னொரு பங்கு. மாலைத் தொனிக்கும் திறப்பு இடைவெளிக்கும் ஓரளவு உறவு தெரிகிறது. பெரிய நிறுவனங்கள் பல, காலாண்டு முடிவைச் சந்தை மூடியபின் அறிவிப்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். திறந்ததிலிருந்து மூடும்வரை பார்த்தால் என் எண்கள் பூவா தலையா போட்டதிலிருந்து வேறுபடவில்லை.

இன்னொரு கலப்பையும் பிரிக்க வேண்டியிருந்தது. நேற்று சந்தை விழுந்தால் நேற்றைய தலைப்புகளும் சோகமாக இருக்கும். அப்படியானால் நாளையைப் பற்றி ஏதாவது சொல்வது தலைப்பா, நேற்றைய வீழ்ச்சியா? பால் டெட்லாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் கையாள்கிறது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்த ஒரு அன்றாடச் சந்தைப் பத்தியின் 1984 முதல் 1999 வரையிலான சொற்களை எண்ணி, முந்தைய நாட்களின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கழித்தபின்னும், அவநம்பிக்கை மிகுந்தால் மறுநாள் விலையில் கீழ்நோக்கிய அழுத்தம் இருப்பதாகக் கண்டார். ஆனால் அந்த இறக்கம் சில நாட்களில் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. செய்தியில் புதிய தகவல் இருந்தால் விலை அங்கேயே நின்றிருக்கும். திரும்புவதால் அது வாசகரின் மனநிலை என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு இந்த வாதம் மிகவும் பிடிக்கும்.

நான் அதன் எளிய வடிவத்தைச் செய்தேன். நிஃப்டி இறங்கிய நாட்களை மட்டும் தனியே எடுத்தேன். அவற்றில் இறக்கத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், தலைப்புகள் மிகச் சோகமாக இருந்த நாட்கள் ஒரு பக்கம், மிதமாக இருந்தவை மறுபக்கம். இரண்டுக்கும் அடுத்த நாள் வேறுபட்டால் தொனியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இப்படிப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஐம்பது நாள்கூடத் தேறவில்லை. அவ்வளவு குறைந்த நாட்களில் வரும் வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல நான் தயாரில்லை.

நாட்களின் எண்ணிக்கை பற்றி ஒன்று. ஒரு வருடத்தில் சந்தை நடப்பது ஏறக்குறைய 250 நாள். நாணயத்தை 250 தடவை சுண்டினாலே, நூற்றில் தொண்ணூற்றைந்து முறை, தலை விழுவது 44-க்கும் 56 சதவீதத்துக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். ஆகவே ஒரு வருடச் சோதனையில் 54 வந்தது என்று யாராவது சொன்னால், அதற்கு நாணயமே போதும். அந்த 54 நாணயத்தின் வேலையல்ல என்று ஓரளவு நம்ப, கிட்டத்தட்ட 625 நாள், அதாவது இரண்டரை வருடம் வேண்டும். ஒப்பிட வேண்டியதும் 50-ஐ அல்ல. 2024-இல் நிஃப்டி 21,731-இலிருந்து 23,645-க்குப் போனது. அப்படி ஏறிய வருடத்தில், தினமும் 'நாளை ஏறும்' என்று மட்டும் சொல்பவருக்கே பாதிக்கு மேல் சரியாக வர வாய்ப்பு அதிகம். பட்டியல் அவரை ஜெயிக்க வேண்டும். என் பட்டியல் 2024-இல் ஜெயிக்கவில்லை.

நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் பூட்டிய பட்டியல்தான். இறங்கிய நாட்களின் இரண்டு பக்கமும் நிரம்பும்வரை அதைத் திறப்பதாக இல்லை. இப்போது என் அட்டவணையில் தலைப்பின் நேரம்தான் முதல் பத்தி, அப்புறம் திறப்பு இடைவெளி, அப்புறம் திறப்பிலிருந்து முடிவு வரை, தொனி கடைசியில். மாதம் ஒருமுறை அச்சிட்டு மாட்டுங்காவுக்கு எடுத்துப் போகிறேன். சித்தப்பா இன்னும் நேரப் பத்தியில்தான் விரலை வைத்துப் படிக்கிறார்.